விபத்துக்குப் பிறகும் ஓயாத அந்த நிமிடம்: மனவடுச் சிகிச்சை எப்படி வேலை செய்கிறது

விபத்து நடந்த முதல் சில கிழமைகளில் தூக்கம் கெடுவதும், அந்தக் காட்சி கண்முன் வந்து போவதும், சின்னச் சத்தத்துக்கும் உடம்பு திடுக்கிடுவதும் நோய் அல்ல. பெரும்பாலானோருக்கு இவை தாமாகவே அடங்கிவிடும். ஒரு மாதம் தாண்டியும் அடங்காமல், தொழிலையும் வீட்டையும் குழப்பத் தொடங்கினால்தான் 'நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய்' என்று வைத்தியர்கள் பெயரிடுவார்கள். சிலருக்கு இது அரை வருடம் கழித்துக்கூட முழுதாக வெளிப்படும். ஆஸ்பத்திரி, பொலிஸ், வழக்கு, காப்புறுதி என்று ஓடித் திரியும் வரை ஒன்றும் தெரியாது. ஓட்டம் நின்ற பிறகுதான் தெரியவரும்.

மட்டக்களப்பு, அம்பாறைக் கரையில் இந்த நோயைப் பற்றி இரண்டு தவறான எண்ணங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 2004 டிசம்பர் 26 கடல்கோளுக்குப் பிறகு ஒரே அமர்வில் நடந்ததையெல்லாம் சொல்லவைத்துவிட்டால் பாரம் இறங்கிவிடும் என்று நம்பியவர்கள் பலர். அப்படி ஒரே தடவை கொட்டவைப்பது நோயைத் தடுக்காது, சிலருக்குக் கூட்டவும் கூடும் என்பதால், பேரிடர் காலத்துக்கான சர்வதேச வழிகாட்டல்கள் 2007 இலேயே அதைச் செய்ய வேண்டாம் என்று சொல்லிவிட்டன. அதைக் கேட்டவர்கள் எதிர்ப்பக்கத்துக்குப் போய், அதைப் பற்றிக் கதைக்கவே கூடாது, கிளறினால் கூடும் என்று பயப்படத் தொடங்கினார்கள். "மறந்திரு மனே" என்று வீட்டில் சொல்வதும் இதே எண்ணந்தான். ஆனால் ஒரு மாதம் தாண்டி நோய் நிலைத்துவிட்டவருக்கு இன்றைக்கு இருக்கும் நல்ல மருந்தே அந்த நினைவுக்குத் திரும்பிப் போவதுதான். ஒரே தடவையில் கொட்டித் தீர்ப்பதல்ல. ஒழுங்காக, பல தடவை, பயிற்சி பெற்ற ஒருவர் பக்கத்தில் இருக்கப் போவது.

அது எப்படி நடக்கிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டு வழியாகப் பார்ப்பது நல்லது. கீழே வருபவர் தனி மனிதர் அல்ல. கிளினிக்கில் அடிக்கடி காணும் பல நிலைமைகளைச் சேர்த்து அமைத்த ஆள்.

வயது 34, களுவாஞ்சிகுடிப் பக்கம், ஓட்டோ ஓட்டுகிறவர். மழை விட்ட ஒரு பின்னேரத்துக்குப் பிறகு, இரவு ஏழே முக்காலுக்கு, கல்முனையில் கிளினிக் முடித்த அயல்வீட்டுப் பெரியம்மாவை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது பெரியகல்லாற்றுக்குக் கிட்ட எதிரே வந்த லொறி மோதுகிறது. பெரியம்மா அந்த இடத்திலேயே இறந்துவிடுகிறார். இவருக்குத் தொடை எலும்பு முறிவு. எட்டு மாதம் கழித்து எலும்பு பொருந்தி, நடை சரியாகிவிட்டது. ஆனால் ஓட்டோ வளவுக்குள் தறப்பாளால் மூடிக் கிடக்கிறது. பஸ்ஸில் போனாலும் யன்னல் ஓரம் இருக்கமாட்டார். பெரியம்மாவின் வீட்டைத் தாண்டக் கூடாது என்று கடைக்குச் சுற்றிப் போகிறார். 31ஆம் நாள் கிரியைக்கும் போகவில்லை. விடிய இரண்டு மணிக்கு வியர்த்து எழும்புகிறார், அதன் பிறகு பெரும்பாலும் போனைப் பார்த்துக்கொண்டே விடிகிறது. பகலில் கண் சொருகுகிறது. கிழமையில் மூன்று நாலு நாள் சாராயம். கோயிலில் நூல் கட்டியும் பார்த்தாயிற்று. (நூல் கட்டுவதாலோ ஓதித் தண்ணீர் குடிப்பதாலோ சிகிச்சைக்கு ஒரு குந்தகமும் இல்லை. அது இருக்கட்டும், இதையும் செய்யட்டும்.)

இவருக்குத் திரும்பத் திரும்ப வருவது பெரியம்மாவின் முகம் அல்ல, இரண்டு வெளிச்சம். மோதலுக்கு ஒரு நொடி முன் கண்ணில் அடித்த லொறியின் லைட். இப்படி வருவது வழமைதான். நினைவு பிடித்து வைப்பது பெரும்பாலும் ஆபத்துக்குச் சற்று முன் வந்த அடையாளத்தை. 'இது வந்தால் அடுத்தது அதுதான்' என்று மூளை அதை எச்சரிக்கையாக எழுதி வைக்கிறது. உயிர்ப்பயம் வரும்போது கவனம் சுருங்கிவிடும். வெளிச்சம், பெற்றோல் மணம், தகரம் கிழியும் சத்தம் ஆழமாகப் பதியும். எங்கே, எப்போது, பிறகு என்ன நடந்தது, எப்படி முடிந்தது என்பவை மெலிதாகவே பதியும். அதனால் அந்த நினைவு கிளம்பும்போது 'அன்று நடந்தது' என்ற முத்திரை இல்லாமல், இப்போது நடப்பது போலவே கிளம்புகிறது. துக்கமான நினைவுக்கும் மனவடு நினைவுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். பின்னது வந்தால் உடம்பு பிரேக்கை மிதிக்கும், கை வியர்க்கும்.

நினைவு வந்தவுடன் அவர் எழும்பிப் போய்விடுகிறார், ரீவியைப் போடுகிறார், ஒரு கிளாஸ் குடிக்கிறார். பதற்றம் குறைகிறது, உண்மைதான். ஆனால் அந்த நினைவு ஒரு தடவையாவது முடிவு வரை ஓடியதில்லை. லைட் வரும், அத்துடன் அறுந்துவிடும். முடிவு சேராத நினைவு பழையதாக மாறாது. எட்டு மாதத்தில் ஆயிரம் தடவை வந்திருந்தாலும் அது அந்த ஒரு நொடிதான். "நான் எந்த நேரமும் அதைத்தானே யோசிக்கிறன், இன்னும் என்னத்தை யோசிக்கிற?" என்று நோயாளிகள் கேட்பதற்கு விடை இதற்குள் இருக்கிறது.

முதல் இரண்டு அமர்வுகள் அளப்பதற்கும் விளங்கப்படுத்துவதற்கும் போகும். 20 கேள்விகள் கொண்ட ஒரு படிவம் உண்டு. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை, மொத்தம் 80. ஏறத்தாழ 31 முதல் 33க்கு மேல் வந்தால் நோய் இருக்கலாம் என்று கொண்டு விரிவாக ஆராய்வார்கள். நமது ஆளுக்கு 52. இதன் பயன் பெயர் சூட்டுவதில் இல்லை. ஒவ்வொரு கிழமையும் நிரப்பினால் சிகிச்சை வேலை செய்கிறதா என்பது தெரியும். தற்கொலை எண்ணம், வீட்டில் தொடரும் அடி உதை, கடும் குடி, நிஜத்தோடு தொடர்பு அறுந்த நிலை இவற்றில் ஏதாவது இருந்தால் அதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். இவருடைய குடி சிகிச்சையைத் தள்ளிப்போடும் அளவில்லை. ஆனால் அமர்வு நாளிலும் வீட்டுப்பயிற்சி நேரத்திலும் குடிப்பதில்லை என்று உடன்பட வேண்டும். மயங்கிய மூளை எதையும் புதிதாகக் கற்றுக்கொள்ளாது.

மூன்றாம் அமர்வில் முதல் தடவை சொல்லல். கண்ணை மூடி, 'நான்' என்று, நிகழ்காலத்தில், மணம், சத்தம், உடம்பில் தெரிவது எல்லாவற்றோடும். இடையிடையே பதற்றம் 0 முதல் 100க்குள் எத்தனை என்று கேட்பார்கள். அவருடைய முதல் சொல்லல் ஒன்பது நிமிடத்தில் முடிந்துவிட்டது, பொலிசுக்குக் கொடுத்த வாக்குமூலம் போல: "கல்முனையில இருந்து வந்தன், லொறி அடிச்சிது, பிறகு ஆஸ்பத்திரியில." நடுவில் ஒரு பள்ளம். பொதுவாக எல்லோருடைய முதல் சொல்லலும் இப்படித்தான், அதைப் பிழையென்று காட்டக் கூடாது. திரும்பத் தொடங்கச் சொல்ல வேண்டும், மெதுவாக. ஓர் அமர்வில் 30 முதல் 45 நிமிடம் வரை இது நடக்கும், பிறகு 15, 20 நிமிடம் கண்ணைத் திறந்து அதைப் பற்றிக் கதைப்பார்கள். முழு அமர்வுக்கு 90 நிமிடம் என்று கணக்கு. அரச கிளினிக்கில் அவ்வளவு நேரம் கிடைப்பது கடினம். 60 நிமிட அமர்வும் பயன் தருவதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 20 நிமிடத்தில் செய்ய முயன்றால் பதற்றம் உச்சிக்கு ஏறிய இடத்திலேயே எழும்பி வீட்டுக்குப் போக வேண்டிவரும். "கதைச்சுத்தான் கூடிச்சுது" என்று சொல்கிறவர்களில் பலருக்கு நடந்தது இதுதான்.

நாலாம் அமர்வில் பள்ளம் நிரம்பத் தொடங்கியது.

"ஓட்டோ சரிஞ்சு கிடக்கு. என்ட கால் கம்பிக்குக் கீழ. பின்னுக்கு பெரியம்மா, 'தம்பி' எண்டு ஒரு சத்தம் வருது. நான் திரும்பல்ல. பிறகு சத்தமில்ல."

"இப்ப எத்தனை?"

"தொண்ணூற்றஞ்சு."

அந்த இடந்தான் கொதிக்கும் இடம். எல்லா மனவடு நினைவிலும் இப்படி ஒன்றோ இரண்டோ இருக்கும். அதற்கு மேலே ஓர் எண்ணம் உட்கார்ந்திருக்கும். இவருடையது: "கூப்பிட்டாவு, நான் திரும்பியும் பார்க்கல்ல. நான்தான் சாகவிட்டன்." பயம் என்று வந்தவரை உண்மையில் தின்றுகொண்டிருந்தது குற்ற உணர்வு. லைட்டை மட்டும் பழக்கப்படுத்தியிருந்தால் இது கிடைத்திருக்காது.

இங்கே சிகிச்சையாளர் செய்யும் மிகப் பெரிய பிழை அவசரப்பட்டு ஆறுதல் சொல்வது. "உங்கட பிழை இல்லை அண்ணன்" என்பதை எட்டு மாதமாக எல்லோரும் சொல்லிவிட்டார்கள். அது ஒட்டவில்லை. அடுத்த இரண்டு அமர்வில் கதை முழுவதையும் விட்டு, அந்த இரண்டு நிமிடத்தை மட்டும் திரும்பத் திரும்ப, ஓர் அமர்வில் ஐந்தாறு தடவை, இன்னும் மெதுவாகச் சொல்லவைக்கிறார்கள். கால் எங்கே இருக்கு? கை எங்கே? திரும்ப எத்தனித்தபோது என்ன நடந்தது? மூன்றாவது தடவையில் அவர் சொன்னார், "திரும்பப் பாத்தன். இடுப்புக்குக் கீழ ஒண்டும் அசையல்ல. ரோட்டில நிண்ட ஆக்களைக் கூப்பிட்டுக் கத்தினன்." கத்தியது அவருக்கு அதுவரை நினைவிலேயே இல்லை.

பிறகு வீட்டிலிருந்து அவருடைய டயக்னோசிஸ் காட்டைக் கொண்டுவரச் சொன்னார்கள். மடித்து மடித்துக் கிழிந்த அந்த அட்டையில் வலது தொடை எலும்பு முறிவு என்று வைத்தியரின் கையெழுத்தில் கிடந்தது. கிளினிக்குக்குக் கிளினிக் காட்டித் திரிந்த அட்டைதான். ஆனால் தொடை முறிந்த மனிதன் திரும்பி ஒருவரைத் தூக்க முடியாது என்பதை அந்த இரவோடு அவர் பொருத்திப் பார்த்ததே இல்லை. அதற்குப் பிறகு நினைவுக்குள் போய், அதே இடத்தில் கண்ணை மூடியபடியே அந்தத் தகவலைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: "கூப்பிடுறாவு. எனக்குக் கேக்குது. என்ட கால் முறிஞ்சிருக்கு, திரும்ப ஏலாது. ஆக்களைக் கூப்பிடுறன்." வெளியே உட்கார்ந்து ஏற்றுக்கொண்டால் போதாது. பதற்றம் ஏறி நிற்கும் அந்தக் கணத்துக்குள்ளேயே அது சேர வேண்டும். அந்த அமர்வு முடிவில் 95 என்பது 50க்கு வந்தது. அழுதார், அன்றைக்குத்தான் பெரியம்மாவுக்காக அழுதார்.

ஓர் எச்சரிக்கை. தலையில் அடிபட்டு நினைவிழந்திருந்தால் அந்தப் பள்ளத்தில் நிரப்ப ஒன்றும் இல்லை. மூளை பதிவு செய்யாததை எந்தச் சிகிச்சையும் எடுத்துத் தராது. சிகிச்சையாளர் "அப்ப இப்படித்தானே நடந்திருக்கும்?" என்று ஒரு விவரத்தையும் எடுத்துக்கொடுக்கக் கூடாது. கேள்வி மட்டுமே கேட்கலாம். இல்லாததை உண்டாக்கிவிட்டால் அதைக் கழற்ற முடியாது.

அமர்வில் சொன்னதை அவருடைய போனில் பதிந்து, வீட்டில் நாளுக்கு ஒரு தடவை கேட்க வேண்டும். இதில்தான் பலர் வழுக்குகிறார்கள். ரீவியைப் போட்டுவிட்டுக் கேட்பது, ஓட்டோ கழுவிக்கொண்டே கேட்பது, கொதிக்கும் இடத்தைத் தள்ளிவிட்டுக் கேட்பது, படுக்கப் போகும் நேரத்தில் கேட்பது. படிவத்தில் புள்ளி குறையாமல் அப்படியே நின்றால் முதலில் விசாரிக்க வேண்டியது இதைத்தான். மாலை நாலு மணி போல, பிள்ளைகள் டியூசனுக்குப் போன நேரத்தில், கதவைச் சாத்திக்கொண்டு கேட்பது நல்லது. கேட்டு முடிய ஏதாவது கைவேலை இருக்கட்டும். முதல் இரண்டு மூன்று கிழமையில் கனவும் எரிச்சலும் சற்றுக் கூடலாம். மனைவிக்கு இதை முதலிலேயே சொல்லி வைக்காவிட்டால், "போகாதிங்க, போய்த்தான் இப்படி" என்று நிறுத்திவிடுவார்.

வேறு சிலருக்குச் சொல்லும்போது பதற்றமே ஏறாது. குரல் மரத்துப்போகும், பார்வை எங்கோ நிற்கும், கூப்பிட்டால் கேட்காது. அது நன்றாகத் தாங்குகிறார் என்பதல்ல, ஆள் விலகிப்போய்விட்டார் என்பது. அப்போது கண்ணைத் திறக்கச் சொல்லி, காலை நிலத்தில் அழுத்தச் சொல்லி, குளிர்ந்த தண்ணீர்ப் போத்தலைக் கையில் கொடுத்து, கடந்தகாலத்தில் சொல்லவைப்பார்கள்.

சொல்லலோடு கூடவே, தவிர்த்து வந்தவற்றுக்குத் திரும்பிப் போகும் வேலையும் நடக்கும். 10 முதல் 15 விடயங்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் பதற்றப் புள்ளி போட்டு, நடுத்தரமான ஒன்றிலிருந்து தொடங்குவார்கள். இவருடைய பட்டியலில் வளவுக்குள் நிற்கும் ஓட்டோவில் இஞ்சினைப் போட்டுக்கொண்டு இருப்பது 40. பகல் பஸ்ஸில் யன்னலோரம் இருந்து கல்முனைக்குப் போவது 50. பெற்றோல் செட்டில் நிற்பது 55. அந்த இடத்தில் பகலில் இறங்கி நிற்பது 75. பெரியம்மாவின் வீட்டுக்குப் போவது, தன் கையால் ஓட்டோவை அந்த இடத்தைத் தாண்டி ஓட்டுவதைவிடக் கூட: 90. ஒவ்வொன்றிலும் 30, 45 நிமிடம், அல்லது பதற்றம் பாதியாகும் வரை நிற்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் திரும்பிவந்தால், தப்பி ஓடியதால்தான் பிழைத்தேன் என்று மூளை எழுதிக்கொள்ளும். அந்த இடத்தில் நிற்கும்போது செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்ணால் தேடுவது. அன்று இருட்டு, ஈரம். இன்று வெயில், ரோட்டில் கண்ணாடித் துண்டு ஒன்றும் இல்லை, பிள்ளைகள் சைக்கிளில் போகிறார்கள்.

ஆபத்தான ஒன்றைப் பழக்கம் என்று செய்யச் சொல்வதில்லை. மழை இரவில் வேகத்தைக் குறைப்பது புத்தி, அது இருக்கட்டும். ஒவ்வொரு லொறிக்கும் ஓரம் கட்டி நிறுத்துவதுதான் நோய், அதைத்தான் விட வேண்டும்.

இனித் தூக்கம். இது தனியாகக் கவனிக்க வேண்டிய பகுதி, ஏனென்றால் நினைவு அடங்கிய பிறகும் தூக்கம் பலருக்குத் திரும்பி வருவதில்லை. கனவுதான் முதலில் எழுப்பியது. ஆனால் எட்டு மாதத்தில் விழித்துக் கிடக்கும் பழக்கம் தனியாக வேர்விட்டுவிட்டது. படுக்கை என்றாலே விழிப்பு என்று உடம்பு கற்றுவிட்டது. இவர் ஒன்பது மணிக்குப் படுக்கிறார், ஆறு மணிக்கு எழும்புகிறார், அதற்குள் தூங்குவது ஐந்தரை மணித்தியாலம். இரண்டு கிழமைக்குத் தூக்கக் குறிப்பு எழுதவைத்து, படுக்கையில் இருக்கும் நேரத்தை ஆறு மணித்தியாலமாகச் சுருக்குவார்கள். இரவு பதினொன்றரைக்குப் படுக்கை, விடிய ஐந்தரைக்கு எழும்புதல், ஞாயிறும் அப்படியே. பகல் தூக்கம் இல்லை. கண் முழித்து 20 நிமிடம் போல் ஆகியும் தூக்கம் வராவிட்டால் எழும்பிப் போய் மங்கல் வெளிச்சத்தில் இருந்துவிட்டுத் திரும்ப வேண்டும், போனைத் தொடக் கூடாது. படுத்த நேரத்தில் 85, 90 வீதம் தூங்கத் தொடங்கியதும் கிழமைக்கு 15 நிமிடம் கூட்டலாம். முதல் கிழமைகளில் பகலில் கண் சொருகும். ஓட்டுகிற தொழில் என்பதால் இவருக்கு ஐந்தரை மணித்தியாலத்துக்குக் கீழே சுருக்குவதில்லை, அந்த நாட்களில் ஹயரும் இல்லை.

ஒரே கனவு திரும்பத் திரும்ப வருகிறவர்கள் பகலில் அதன் முடிவை மாற்றி எழுதி, மாற்றியதை நாளுக்கு 10 முதல் 20 நிமிடம் மனதில் ஓட்டிப் பார்க்கலாம். மாற்றம் அழகாக இருக்க வேண்டியதில்லை, தமக்குப் பிடித்ததாக இருந்தால் போதும். கடும் கனவில் தொடங்காமல், சற்று இலேசான ஒன்றில் தொடங்குவது நல்லது.

தூக்கக் குளிசைகள் பற்றி ஒளிக்காமல் சொல்ல வேண்டும். டயசிபாம் வகைக் குளிசைகள் மனவடுவுக்கு மருந்தல்ல. அதிர்ச்சிக்குப் பிந்திய முதல் மாதத்தில் தூக்கத்துக்காகக்கூட அவற்றைக் கொடுக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2013 இல் சொல்லியது. அவை பழக்கப்படுத்தும், பகலில் மந்தமாக்கும், சிகிச்சையில் கற்பதையும் மழுக்கும். மாதக்கணக்கில் எடுத்தவர் திடீரென நிறுத்தவும் கூடாது, வைத்தியர் படிப்படியாகக் குறைக்க வேண்டும். சாராயம் முதல் பாதியைத் தூங்கவைத்து இரண்டாம் பாதியைக் கெடுக்கும். இவர் இரண்டு மணிக்கு எழும்புவதில் அதற்கும் பங்கு உண்டு. செற்றலின் போன்ற மருந்துகள் வேறு. மனச்சோர்வு கூடவே இருந்தால், அல்லது இந்தச் சிகிச்சை கிடைக்காத இடத்தில் இருந்தால், அவை உதவும், பலன் தெரியச் சில கிழமை செல்லும்.

இந்தக் கரையில் எல்லோருக்கும் ஒரே ஒரு சம்பவம் என்றில்லை. 1990 வன்செயல், கடல்கோள், 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பு என்று ஒன்றின் மேல் ஒன்றாகச் சுமப்பவருக்கு எந்த நிமிடத்திலிருந்து தொடங்குவது? அவர்களுக்காக வேறொரு வழி இருக்கிறது. நிலத்தில் ஒரு கயிற்றைப் போட்டு, பிறந்ததிலிருந்து இன்று வரை நல்லவற்றுக்குப் பூவும் கெட்டவற்றுக்குக் கல்லும் வைப்பார்கள். பிறகு அந்த ஒழுங்கில் வாழ்க்கையைச் சொல்லவைத்து, ஒவ்வொரு கல்லிலும் நின்று விரிவாகப் போய், எழுதி, அடுத்த அமர்வில் வாசித்துக் காட்டுவார்கள். பொதுவாக 4 முதல் 12 அமர்வு. கடல்கோளுக்குப் பிறகு வடகிழக்குப் பிள்ளைகளிடம் இதன் சிறுவர் வடிவத்தை ஆறு அமர்வுகளாகச் செய்து பார்த்தபோது நல்ல பலன் கிடைத்தது. ஒப்பிட்டுப் பார்த்த தியானமும் தளர்வுப் பயிற்சியும் ஏறத்தாழ அதே அளவு உதவின என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இழந்தவரை நினைத்து ஏங்குவது மனவடு அல்ல. பிள்ளையின் சட்டையை அலுமாரியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும் தாய் நினைவை விட்டு ஓடவில்லை, தேடிப் போகிறார். அவருக்கு இந்தச் சிகிச்சையை அப்படியே செய்வது பொருந்தாது. காணாமல்போனவர்களின் குடும்பங்களுக்கும் அப்படித்தான், அங்கே 'முடிந்துவிட்டது' என்று சேர்க்க ஒரு முடிவே இல்லை.

போதனா வைத்தியசாலை, ஆதார வைத்தியசாலைகளின் மனநலக் கிளினிக்கிலோ பிரதேச செயலகத்தின் உளவளத்துணை உத்தியோகத்தரிடமோ போகும்போது மூன்று கேள்விகளைக் கூச்சப்படாமல் கேட்கலாம். நடந்ததைப் படிப்படியாகச் சொல்லவைக்கும் முறையில் பயிற்சி இருக்கிறதா? ஏறத்தாழ எத்தனை அமர்வு? வீட்டில் செய்ய என்ன தருவீர்கள்? வருடக்கணக்கில் மாதம் ஒரு தடவை சுகம் விசாரிப்பது ஆதரவு, இந்தச் சிகிச்சை அல்ல. இதற்கு 8 முதல் 15 கிழமைதான். இரவில் தாங்க முடியாமல் போனால் தேசிய மனநலத் தொலைபேசி இலக்கம் 1926, எந்த நேரமும் எடுக்கலாம்.

நமது ஆளுக்குப் பன்னிரண்டாம் அமர்வில் படிவப் புள்ளி 18. பகலில் ஹயர் ஓடுகிறார், பெரியம்மாவின் மகனோடு கதைத்துவிட்டார், தூக்கம் ஆறே கால் மணித்தியாலம். மழை இரவில் இன்னும் ஓட்டுவதில்லை. எல்லோருக்கும் இந்த அளவு வராது. ஆய்வுகளில் சிகிச்சை எடுத்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் நோய் என்ற எல்லைக்குக் கீழே வருகிறார்கள், மீதிப் பேரில் பலருக்கு ஓரளவு குறைகிறது. ஆறாம் அமர்வு வரை புள்ளி அசையாவிட்டால் கொதிக்கும் இடம் தவறவிடப்பட்டதா, வீட்டில் கேட்கிறாரா, குடிக்கிறாரா என்று பார்த்து, பிறகுதான் முறையை மாற்றுவது பற்றி யோசிக்க வேண்டும். விபத்து நடந்த மாதத்திலும், வழக்குக்கு அழைக்கும் நாளிலும், டிசம்பர் 26 போன்ற நாட்களிலும் நினைவு சில நாள் திரும்ப எழும்பும். அப்போது போனிலிருக்கும் பதிவை ஒரு கிழமை திரும்பக் கேட்டால் பெரும்பாலும் அடங்கும். இரண்டு கிழமை தாண்டியும் தூக்கம் கெட்டபடியே இருந்தால், அல்லது சுற்றுவழியால் கடைக்குப் போகத் தொடங்கினால், பழைய இடத்துக்கே ஒன்றிரண்டு அமர்வுக்குப் போகலாம்.